கலைச்சொல் விவாதம்: ‘டெஸ்டபிள் ஹைப்பாதிசிஸ்’ என்பதற்கு ‘சோதிக்கத்தக்க கருதுகோள்’ போதுமா?

நிலவழகன் எழுதியது:

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

அரசியல் அறிவியலில் முதல் ஆய்வேடு எழுதும் மாணவர்களுக்கான சிறு கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். ஆய்வு வினா, மாறி, கருதுகோள் ஆகிய சொற்கள் நன்றாக ஊன்றிவிட்டன. அவற்றில் எனக்கு ஐயமில்லை. ‘டெஸ்டபிள்’ என்னும் அடைமொழியில்தான் நின்றுவிட்டேன். ‘சோதிக்கத்தக்க’ என்று எழுதி, வரைவைச் சில மாணவர்களிடம் படிக்கக் கொடுத்தேன். பெரும்பாலானோர் அதைத் ‘தரவு கிடைக்கக்கூடிய’ என்று புரிந்துகொண்டார்கள். எண்கள் கைக்கு வந்து, கணக்குப் போட முடிந்தால் கருதுகோள் சோதிக்கத்தக்கதாகிவிட்டது என்பது அவர்கள் எண்ணம். மூலத்தில் உள்ள கருத்து அதுவன்று. கூற்று தவறாக இருந்தால் அந்தத் தவறு தரவில் வெளிப்பட வழி இருக்க வேண்டும் என்பதே அங்கு சொல்லப்படுகிறது. இந்தப் பொருளைச் சொல்லிலேயே கொண்டுவர முடியுமா என்று உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

தணிகாசலம் எழுதியது:

நிலவழகன் அவர்களுக்கு,

இதற்குச் சொல் ஏற்கெனவே இருக்கிறது. கார்ல் பாப்பர் 1934ஆம் ஆண்டு செருமன் மொழியில் வெளியிட்ட நூலில் அறிவியல் கூற்றுக்கு வைத்த அளவுகோலைத் தமிழில் ‘பொய்ப்பிக்கத்தக்க’ என்று எழுதுகிறோம். கருதுகோளுக்கும் அதையே அடையாக வைத்தால் குழப்பம் தீரும். ‘பொய்த்தல்’ என்பதற்கு ‘எதிர்பார்த்தது நிகழாமல் போதல்’ என்னும் பொருளும் உண்டு. மழை பொய்த்தது என்கிறோம் அல்லவா? எனவே சொல் அயலாகத் தோன்றாது. கூற்றைத் தரவோடு ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தால் அது பொய்ப்பிக்கத்தக்கதே என்று ஒரு வரி விளக்கமும் சேர்த்துவிடலாம்.

ஃபரீதா எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் மொழியறிஞர் அல்லள். இப்போது முதல் ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருக்கும் மாணவி. எனக்குச் சொல்லைவிட என் கருதுகோள்தான் கவலையாக இருக்கிறது, பொறுத்தருள்க.

‘கட்டாய வாக்களிப்பு மக்களாட்சியை வலுப்படுத்துகிறதா?’ என்று தொடங்கினேன். ‘வலு’ என்பதை எதைக் கொண்டு அளப்பாய் என்று நெறியாளர் கேட்டார். அதன்பின் ஆஸ்திரேலியாவை எடுத்துக்கொண்டேன். அங்கே கூட்டாட்சித் தேர்தல்களுக்கு 1924இல் கட்டாய வாக்களிப்புச் சட்டம் வந்தது. 1922 தேர்தலில் 60 விழுக்காட்டுக்குக் கீழே இருந்த வாக்குப்பதிவு, 1925 தேர்தலில் 91 விழுக்காட்டைத் தாண்டியது. எனவே என் கருதுகோளை இப்படி எழுதினேன்: ‘1922இல் வாக்குப்பதிவு குறைவாக இருந்த தொகுதிகளில், 1925இல் வாக்குப்பதிவின் உயர்வு அதிகமாக இருக்கும்.’ தொகுதிவாரி எண்கள் கிடைக்கின்றன, கணக்கும் எளிது. தணிகாசலம் ஐயா சொல்லும் ஒப்பீட்டையும் செய்யலாம். இது சோதிக்கத்தக்கதுதானே?

கோமதி எழுதியது:

அன்புள்ள ஃபரீதா, உங்கள் மடல் விவாதத்தைத் திசைதிருப்பவில்லை. நிலவழகன் கேட்ட கேள்வி முழுவதும் உங்கள் கருதுகோளில் அடங்கியிருக்கிறது. ஆதலால் அதையே விரிவாகப் பார்க்கிறேன்.

சட்டத்துக்குப் பின் ஏறத்தாழ எல்லாத் தொகுதிகளும் 90 விழுக்காட்டை ஒட்டி வந்து நின்றன என்று வைத்துக்கொள்வோம். முன்பு 45 விழுக்காட்டில் இருந்த தொகுதி 45 புள்ளிகள் உயர்ந்திருக்கும். 75இல் இருந்தது 15 புள்ளிகள்தான் உயர்ந்திருக்கும். இதைச் சொல்ல அரசியல் கோட்பாடு எதுவும் தேவையில்லை, கழித்தல் தெரிந்தால் போதும். வாக்குப்பதிவு 100ஐத் தாண்ட முடியாது. எல்லாம் உச்சிக்கு அருகில் போய்ச் சேர்ந்தால், கீழிருந்தது கூடுதலாக ஏறித்தான் ஆக வேண்டும். நாட்டின் மொத்த வாக்குப்பதிவு 91ஐத் தாண்டியது முன்பே தெரிந்திருப்பதால், உங்கள் கருதுகோள் தோற்பதற்கு ஏறக்குறைய இடமே இல்லை. தரவு இருக்கிறது, ஒப்பீடும் இருக்கிறது. ஆனாலும் அது எதையும் சோதிக்கவில்லை. தணிகாசலம் ஐயா தந்த ஒரு வரி விளக்கத்தை நான் ஏற்கத் தயங்குவது இதனால்தான். சொல்லில் அவர் சரி. ‘தரவோடு ஒப்பிட முடிந்தால் போதும்’ என்னும் விளக்கமோ மாணவர்களின் பழைய புரிதலையே திரும்பக் கொண்டுவருகிறது.

சரிசெய்ய நாட்டையோ சட்டத்தையோ மாற்ற வேண்டியதில்லை. விளைவை மாற்றினால் போதும். வாக்குப்பதிவு உயர்ந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். புதிதாக வந்த வாக்குகள் யாருக்குப் போயின என்பது முன்கூட்டித் தெரியாத வினா. கட்டாயம் இல்லாத இடங்களில் வாக்களிக்காமல் இருப்பவர்களுள் ஏழைகள் கூடுதல் என்றும், கட்டாய வாக்களிப்பு இந்தச் சமனின்மையைக் குறைக்கும் என்றும் அரசியல் அறிவியலாளர் ஆரெண்ட் லைப்ஹார்ட் 1997இல் வாதிட்டார். ஏழைகள் பெரும்பாலும் தொழிலாளர் கட்சியை ஆதரிப்பார்கள் என்று கொண்டால், இதிலிருந்து ஒரு கணிப்பு பிறக்கிறது: வாக்குப்பதிவு அதிகமாக உயர்ந்த தொகுதிகளில், தொழிலாளர் கட்சியின் வாக்கு விழுக்காடு மற்றத் தொகுதிகளைவிடக் கூடுதலாக உயர்ந்திருக்க வேண்டும். எதிர்க்கணிப்பும் நம்பத்தக்கதே. அரசியலில் ஆர்வமில்லாமல் தண்டனைக்கு அஞ்சி வந்தவர்கள் மற்றவர்களைப் போலவே பிரிந்து வாக்களித்திருக்கலாம். அப்படியானால் இரு வகைத் தொகுதிகளுக்கும் வேறுபாடு இராது. தெரிந்த முகம் என்று பதவியில் இருந்தவருக்கே போட்டிருந்தால், சில தொகுதிகளில் போக்கு எதிராகவும் இருக்கலாம். இரண்டு கருத்துகள் இரண்டு வேறு எண்களை எதிர்பார்க்கும் இடத்தில்தான் தரவுக்குத் தீர்ப்புச் சொல்லும் வேலை இருக்கிறது.

இன்னொரு நல்வாய்ப்பும் உண்டு. குயின்ஸ்லாந்து மாநிலம் தன் சட்டமன்றத் தேர்தலுக்கு 1915லேயே கட்டாய வாக்களிப்பை நடைமுறைப்படுத்திவிட்டது. அங்குள்ளவர்களுக்கு 1925 புதிய பழக்கமன்று. எனவே அந்த மாநிலத் தொகுதிகளை ஒப்பீட்டுக்குத் தனியே வைத்துக்கொள்ளலாம். நாடு முழுவதும் அந்த ஆண்டு வீசிய அரசியல் காற்று அங்கும் வீசியிருக்கும். சட்டத்தின் புதுத் தாக்கம் மட்டும் குறைவாக இருக்கும். போட்டியின்றி முடிந்த தொகுதிகளையும், ஒரு தேர்தலில் மட்டும் தொழிலாளர் கட்சி நின்ற தொகுதிகளையும் கணக்கிலிருந்து நீக்குங்கள். எதை நீக்குகிறோம் என்பதை முடிவு பார்ப்பதற்கு முன்பே எழுதி, தேதியிட்டு நெறியாளரிடம் கொடுத்துவிடுங்கள். முடிவைப் பார்த்தபின் நீக்கினால், தோற்கும் வழியை நாமே அடைத்ததாகிவிடும்.

ஃபரீதா எழுதியது:

மிக்க நன்றி, அம்மா. கழித்தல் கணக்கைக் கருதுகோள் என்று எண்ணியிருந்தது இப்போதுதான் புரிகிறது. ஆனால் ஓர் ஐயம். 1925 தேர்தலில் தொழிலாளர் கட்சி தோற்றுவிட்டதே! அப்படியானால் புதிய கருதுகோள் தொடங்கும் முன்பே விழுந்துவிட்டது ஆகாதா?

கோமதி எழுதியது:

ஆகாது, ஃபரீதா. கட்சி வென்றதா தோற்றதா என்பது நாடு தழுவிய ஒற்றை விளைவு. அதற்குப் பல காரணங்கள் இருக்கும். உங்கள் கூற்று தொகுதிகளுக்கு இடையிலான வேறுபாட்டைப் பற்றியது. வாக்குப்பதிவு மிகுதியாக உயர்ந்த இடங்களில் கட்சி சிறிதளவு ஏறி, மற்ற இடங்களில் பெரிதாக இறங்கித் தேர்தலில் தோற்றிருந்தாலும், கருதுகோள் நிற்கும். கட்சி நாடெங்கும் ஒரே அளவு ஏறி வென்றிருந்தாலும் கருதுகோள் விழும். எந்த அலகைப் பற்றிப் பேசுகிறோம் என்பது கருதுகோள் வரியிலேயே இருந்தால் இந்தக் குழப்பம் வராது: ‘1922க்கும் 1925க்கும் இடையே வாக்குப்பதிவு அதிகம் உயர்ந்த தொகுதிகளில், தொழிலாளர் கட்சியின் வாக்கு விழுக்காடு, குறைவாக உயர்ந்த தொகுதிகளைவிடக் கூடுதலாக உயர்ந்திருக்கும்.’

எல்லை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கணிப்பு வென்றாலும், ‘புதிதாக வந்த ஏழைகள் தொழிலாளர் கட்சிக்கு வாக்களித்தார்கள்’ என்று எழுத இயலாது. தொகுதி அளவில் காணும் உறவு தனிமனிதர் அளவில் அப்படியே இருக்க வேண்டியதில்லை என்பதைச் சமூகவியலாளர் டபிள்யூ. எஸ். ராபின்சன் 1950இல் தெளிவாகக் காட்டினார். உங்கள் தரவில் தனி வாக்காளர் எவருமே இல்லை. ஆய்வு வினாவும் அதற்கேற்பத் தொகுதியைப் பற்றிய வினாவாக இருக்கட்டும்.

தணிகாசலம் எழுதியது:

கோமதி அம்மையார் சுட்டியதை ஏற்கிறேன். என் விளக்க வரியைத் திரும்பப் பெறுகிறேன். ஆயினும் இந்த மடல்களைப் படித்தபின் நாம் தவறான சொல்லைத் தேடிக்கொண்டிருந்தோமோ என்று தோன்றுகிறது. அடைமொழியை எவ்வளவு செப்பம் செய்தாலும், மாணவர் அதைத் தம் கருதுகோளுக்கு ஒரு பட்டம்போலச் சூட்டிவிட்டுக் கடந்துவிடுவார். அவர் எழுதியே ஆக வேண்டிய ஒன்றுக்குப் பெயர் வேண்டும். எந்த முடிவு வந்தால் கருதுகோளைக் கைவிடுவேன் என்று முன்கூட்டிக் குறித்துவைப்பதை ‘வீழ்நிலை’ எனலாம். ஃபரீதாவின் முதல் கருதுகோளுக்கு வீழ்நிலையை எழுத முயன்றிருந்தால், அது எட்ட முடியாத நிலை என்று அவருக்கே அப்போது தெரிந்திருக்கும்.

கோமதி எழுதியது:

பெயர்ச்சொல்லாக்கியது மிக நல்ல திருப்பம். ‘வீழ்’ என்பதில் மட்டும் எனக்குத் தயக்கம். அன்றைய கீழவையில் ஏறத்தாழ 75 இடங்களே இருந்தன. நீக்க வேண்டியவற்றை நீக்கியபின் இன்னும் குறையும். இவ்வளவு சிறிய எண்ணிக்கையில், வேறுபாடு இல்லை என்று காட்டும் முடிவும், இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத முடிவும் பல நேரம் ஒன்றுபோலத் தோன்றும். முதலாவதில் கருதுகோள் வலுவிழக்கிறது. இரண்டாவதில் நாம் எதையும் கற்கவில்லை. ‘வீழ்நிலை’ என்றால் மாணவர் இரண்டையும் வீழ்ச்சி என்றே எழுதிவிடுவார். ‘மறுப்புநிலை’ என்றால் சற்று மென்மையாக இருக்கும்; மூன்றாவது வாய்ப்புக்கும் இடம் கிடைக்கும்.

நிலவழகன் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. கையேட்டில் ‘சோதிக்கத்தக்க கருதுகோள்’ என்பதை அப்படியே வைத்துக்கொள்கிறேன். படிப்பவருக்குப் பழகிய சொல். அதன் கீழே ஒவ்வொரு கருதுகோளுக்கும் ‘மறுப்புநிலை’ என்று ஒரு வெற்று வரியை விட்டு, அதை நிரப்பாமல் தரவைத் திறக்க வேண்டாம் என்று குறிப்பு எழுதுகிறேன். ‘மறுப்பு’ என்பது ஒருவர் வாயால் மறுத்துப் பேசுவதையும் குறிக்கிறதே என்னும் உறுத்தல் எனக்கு இருக்கிறது. தணிகாசலம் ஐயாவின் சொல்லில் அந்த இடர்ப்பாடு இல்லை. கோமதி அம்மையார் சொன்ன ‘சொல்ல முடியாத முடிவு’க்கும் நம்மிடம் தனிப்பெயர் இல்லை. ‘தெளியா முடிவு’ என்று தற்காலிகமாக எழுதியிருக்கிறேன். இன்னும் பொருந்தும் சொல் இருந்தால் அடுத்த வரைவுக்கு முன் தெரிவியுங்கள். ஃபரீதா உடன்பட்டால், அவருடைய இரண்டு கருதுகோள்களையும் பெயர் குறிப்பிடாமல் எடுத்துக்காட்டாகச் சேர்க்க விரும்புகிறேன்.

ஃபரீதா எழுதியது:

தாராளமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், ஐயா. என் மறுப்புநிலை வரியை இன்று இப்படி எழுதி நெறியாளருக்கு அனுப்பினேன்: ‘வாக்குப்பதிவு அதிகம் உயர்ந்த முதல் பாதித் தொகுதிகளிலும் குறைவாக உயர்ந்த இரண்டாம் பாதித் தொகுதிகளிலும் தொழிலாளர் கட்சியின் வாக்கு விழுக்காடு சராசரியாக ஒரே அளவு மாறியிருந்தால், அல்லது இரண்டாம் பாதியில் கூடுதலாக உயர்ந்திருந்தால், என் கருதுகோள் மறுக்கப்பட்டதாகக் கொள்வேன்.’ ‘ஒரே அளவு’ என்றால் எத்தனை புள்ளி வேறுபாடு வரை என்று அவர் கேட்டிருக்கிறார். அதற்கான எண்ணை இன்னும் முடிவு செய்யவில்லை. முடிவு செய்யும்வரை 1925 எண்கள் உள்ள கோப்பைத் திறக்காமல் வைத்திருக்கிறேன்.