‘ஃபேஸ்’ என்பதற்கு நிலையா, கட்டமா, படியா?

செல்வி, அல்சூர், பெங்களூரு:
குழுவினருக்கு வணக்கம். புற்றுநோய்க்கான புதிய மருந்து ஒன்றின் ஆய்வில் சேருபவர்கள் கையெழுத்திடும் ஒப்புதல் படிவத்தைத் தமிழாக்குகிறேன். ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து இங்கே சிகிச்சைக்கு வருபவர்களுக்காக. வெள்ளிக்கிழமை நெறிமுறைக் குழுவுக்குப் போயாக வேண்டும். புதிய மருந்தை மனிதர்களிடம் முதன்முதலாகச் சோதிக்கும் ‘ஃபேஸ் ஒன்று’ ஆய்வை ‘முதல் நிலை ஆய்வு’ என்று எழுதினேன். தமிழைத் திரும்ப ஆங்கிலமாக்கிச் சரிபார்ப்பவர் அதை ‘முதல் ஸ்டேஜ் நோயாளிகளுக்கான ஆய்வு’ என்று புரிந்துகொண்டுவிட்டார். அவர்மேல் குற்றமில்லை, நோய் முற்றிய அளவையும் நாம் ‘நிலை’ என்றுதானே சொல்கிறோம்? இதில் சேரப்போகிறவர்களோ பெரும்பாலும் நான்காம் நிலையில் இருப்பவர்கள்.

ராகவன், மல்லேஸ்வரம்:
அம்மா, அடுத்ததாகக் ‘கட்டம்’ என்று யாராவது சொல்வார்கள், அதற்கு முன் எச்சரிக்கிறேன். ‘கஷ்டம்’ என்ற வடசொல் தமிழில் கட்டம் என்று திரியும். நோயாளியிடம் ‘முதல் கட்டம்’ என்றால் முதல் துன்பம் என்று பொருள். போதாதற்கு ஜாதகக் கட்டம் வேறு. ‘படி’ இருக்கிறதே! ஏறும் படி, அளக்கும் படி, படிப்படி. வினையும் பெயரும் ஒருங்கே நிற்கும் தனித்தமிழ்ச் சொல். ‘முதற்படி ஆய்வு’ என்று எழுதுங்கள்.

முருகேசன், ஒயிட்ஃபீல்டு:
பன்னிரண்டு ஆண்டுகள் மருந்து விற்பனையில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். முதல் ஃபேஸில் நல்ல உடல்நலம் உள்ளவர்களுக்குத்தான் மருந்து கொடுப்பார்கள். அவர்களுக்கு நோயே இல்லாதபோது நோயின் நிலையோடு எப்படிக் குழப்பிக்கொள்வார்கள்? பேசாமல் ‘ஃபேஸ்’ என்றே எழுதிவிடுங்கள்.

டாக்டர் நளினி, ஜெயநகர்:
முருகேசன் சொல்வது பெரும்பாலான மருந்துகளுக்குச் சரி. உயிரணுக்களைக் கொல்லும் புற்றுநோய் மருந்தை நலமாக இருப்பவருக்குக் கொடுக்க முடியாது. அங்கே முதல் ஆய்வே நோயாளிகளிடம்தான் நடக்கும், பெரும்பாலும் மற்ற சிகிச்சைகள் பலிக்காதவர்களிடம்.

‘படி’யை இன்னொன்றுக்கு விட்டுவையுங்கள், ராகவன் ஐயா. வழக்கமான முறையில் ஓர் அளவுக்கு மூன்று பேர். எடுத்துக்காட்டாக 20 மில்லிகிராமில் தொடங்குகிறோம். 28 நாள் பார்க்கிறோம், மூவருக்கும் கடுமையான பாதிப்பில்லை. அடுத்த மூவருக்கு 40. அதில் ஒருவருக்குத் தட்டணுக்கள் ஆபத்தான அளவுக்கு விழுந்துவிடுகின்றன. உடனே மேலே போகமாட்டோம். அதே 40-இல் இன்னும் மூவரைச் சேர்ப்போம். அவர்கள் தப்பினால் ஆறில் ஒருவர் என்ற கணக்கு, 60-க்குப் போகலாம். 60-இல் மூவரில் இருவருக்கு அப்படி ஆனால் அத்தோடு ஏற்றம் நின்றது. 40-தான் தாங்கக்கூடிய உச்ச அளவு. இரண்டாவது ஆய்வுக்குப் பெரும்பாலும் அதை ஒட்டிய அளவுதான் போகும்.

இந்த 20, 40, 60-தான் படி. அதில்கூட ஏறுவது மருந்தின் அளவு. 20-இல் சேர்ந்தவர் பொதுவாக 20-இலேயே இருப்பார். ‘முதற்படி’ என்று படித்தவர், தன்னையே அடுத்த படிக்கு ஏற்றுவார்கள் என்று காத்திருப்பார். மருந்து கட்டம் கட்டமாகக் கடைக்குப் போகும். அவர் அதனுடன் போகமாட்டார். நோய்க்கு நிலை, ஆய்வுக்குக் கட்டம், அளவுக்குப் படி என்று பிரித்துக்கொள்ளலாமே.

சங்கர், மாட்டுங்கா, மும்பை:
கட்டமும் ஆபத்துதான். அப்பாவின் சர்க்கரை நோய் மாத்திரைக்காக ஒரு படிவம் வந்தது. ‘நான்காம் கட்ட ஆய்வு’ என்று மேலேயே கொட்டை எழுத்தில். அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. விசாரித்தால், அதே மாத்திரை எங்கள் தெருக் கடையிலேயே கிடைக்கிறது! ஆய்வு முடிந்த பிறகும் அதை இலவசமாகத் தருவார்களா? யாருக்காவது தெரியுமா?

டாக்டர் நளினி:
அது உங்கள் படிவத்திலேயே இருக்க வேண்டும் சங்கர், இல்லையென்றால் கையெழுத்துக்கு முன் கேளுங்கள். நான்காவது என்பது விற்பனைக்கு வந்தபின் நடப்பது. மூன்றாவதில் சில ஆயிரம் பேரைப் பார்த்தாலும், பத்தாயிரத்தில் ஒருவருக்கு வரும் தீங்கு கண்ணில் படாமல் போகலாம். ரோஃபிகாக்சிப் என்ற வலி மருந்து 1999-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மாரடைப்பு அபாயம் உறுதிப்பட்டு 2004-இல் திரும்பப் பெறப்பட்டது.

ராகவன்:
கட்டம் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. ‘படிநிலை’ என்றாவது எழுதலாம்.

முருகேசன்:
படியும் வேண்டாம் நிலையும் வேண்டாம் என்று இவ்வளவு பேசிவிட்டு, இரண்டையும் சேர்த்துப் போடுவதா ஐயா?

செல்வி:
நேரமில்லை, கட்டம் என்றே அனுப்பிவிட்டேன். சங்கர் சொன்னதற்காக முதல் பக்கத்திலேயே ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: “முதல் கட்டம் என்பது இந்த ஆய்வைக் குறிக்கும்; உங்கள் நோய் எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் குறிக்காது.” அளவுக்குப் படி. திரும்ப மொழிபெயர்த்தவரிடமிருந்து இன்று ஒரே ஒரு கேள்வி வந்தது: ஒன்பதாம் பக்கத்தில் ‘பயணப்படி’ என்று இருக்கிறதே, அது எத்தனை மில்லிகிராம்? ‘பயணச் செலவு’ என்று மாற்றிவிட்டேன்.