குசினியை இடம் மாத்தச் சொன்ன அண்ணைக்கு எழுதின மின்னஞ்சல்

கிளிநொச்சி, படவரைஞர்

வீட்டுப் பிளான் கீறிக் குடுக்கிறதுதான் என்ர வேலை. கந்தோர் இல்லை, வீட்டில இருந்து தனியாச் செய்யிறன். தர்மபுரத்தில அம்மாவுக்கு வீடு கட்டவெண்டு கனடாவில இருக்கிற ஒரு அண்ணை பிளான் கேட்டார். 1,200 சதுர அடி, மாடி இல்லை, மொத்தம் ஏழு தாள். 36,000 ரூபாய் பேசினது, அரைவாசி முற்பணம். ‘இரண்டு திருத்தம் இதுக்குள்ள அடங்கும்’ எண்டு எழுதி அனுப்பினன், ஓம் எண்டு பதில் போட்டவர்.

முதல் தரம் ஒரு அறையை 2 அடி பெருப்பிச்சம். இரண்டாம் தரம் விறாந்தையை முன்னுக்கு நீட்டினம். “இதுதான் சரி, பிரதேச சபைக்குக் குடுக்கிற பிரதியை எடுங்கோ” எண்டார். ஏழு தாளையும் முடிச்சு வச்ச பிறகு வாட்ஸப்பில ஒரு குரல் பதிவு: “தங்கச்சி, அம்மா ஐயரிட்டக் கேட்டவவாம். குசினி வடகிழக்கில கூடாதாம், தென்கிழக்கில வரோணுமாம். சின்ன மாத்தம்தானே, அந்தப் பக்கத்து அறையையும் குசினியையும் மாறிப் போட்டால் சரி.”

அவர் சொன்னதில கள்ளம் இல்லை. அவர் பாக்கிறது தளப் படம் மட்டும்தான். அதில இரண்டு பெட்டி இடம் மாறுது, அவ்வளவுதான் தெரியும்.

முதலில எழுதின மெயிலை அழிச்சிட்டன். அதில மன்னிப்பும், நேரம் போற கஷ்டமும்தான் இருந்தது. அதை வாசிக்கிற மனிசன் என்ர கஷ்டத்துக்குத்தான் பதில் சொல்லுவார், வேலைக்குச் சொல்லமாட்டார். பிறகு அனுப்பினது இது:

> விடயம்: தர்மபுரம் வீடு – மூன்றாம் சுற்றுத் திருத்தமும் கட்டணமும்
>
> வணக்கம் அண்ணை,
>
> குசினியைத் தென்கிழக்குக்கு மாற்றலாம். காணியில் அதற்கு இடம் இருக்கிறது.
>
> நாங்கள் பேசிய 36,000 ரூபாயில் இரண்டு சுற்றுத் திருத்தம் அடங்கும். அறையைப் பெருப்பித்தது முதலாவது, விறாந்தையை நீட்டியது இரண்டாவது. அதன்பின் 14ஆம் திகதி நீங்கள் படத்தை உறுதிப்படுத்தினீர்கள். ஆகவே இது மூன்றாவது.
>
> அந்த அறை 12க்கு 11 அடி, குசினி 10க்கு 9 அடி. மாறிப் போடும்போது நடுச்சுவர்கள் நகரும். சுவர் நகர்ந்தால் அத்திவாரப் படம் மாறும். புகைபோக்கி கூரையில் வேறிடத்தால் வெளிவரும், அதனால் கூரைப் படமும் பக்க முகப்பும் மாறும். வெட்டுமுகம் குசினிக்குள்ளால் போகிறது. யன்னல் அளவுகள் வேறு, அட்டவணையும் மாறும். குளியலறையும் குசினியும் இப்போது ஒரே சுவரில் இருக்கின்றன. பிரிந்தால் கழிவுநீர்க் குழிக்குப் புதிய இடம் பார்த்து, கிணற்றிலிருந்து உள்ள தூரத்தைத் திரும்ப அளந்து காணிப் படத்தில் போடவேண்டும். ஏழு தாளிலும் வேலை இருக்கிறது.
>
> இதற்கு ஏறத்தாழ 9 மணித்தியாலம் செல்லும். முழு வேலைக்கும் நான் கணக்கிட்டது 48 மணித்தியாலம். அப்படிப் பார்த்தால் மணிக்கு 750 ரூபாய், 6,750 வரும். 6,000 ரூபாய்க்குச் செய்து தருகிறேன். உங்கள் சம்மதம் கிடைத்த பிறகே தொடங்குவேன், தொடங்கி நான்கு நாளில் தருவேன்.
>
> வேறு ஏதும் மாற்ற வேண்டுமென்றால் அம்மாவிடமும் கேட்டு எல்லாவற்றையும் ஒன்றாக எழுதி அனுப்புங்கள். என் பிழையைத் திருத்துவதற்கு எப்போதும் கட்டணம் இல்லை. இப்போதுள்ள படமே போதுமென்றால் அது சபைக்குக் கொடுக்கத் தயாராக இருக்கிறது, மேலதிகமாக ஒன்றும் தரவேண்டாம்.

மூண்டு நாளாப் பதில் இல்லை. மற்ற ஆக்கள் இப்பிடி எழுதிறனீங்களோ?

முல்லைத்தீவு, கட்டட வேலை

தங்கச்சி, 750 குறைச்சுக் குடுத்ததே பிழை. ரண்டு தரத்துக்கு மேல ஆர் என்ன கேட்டாலும் காசு எண்டு முதலே சொல்லிப்போடோணும். சபை திருப்பி அனுப்பினாலும் அதுவும் வாடிக்கையாளற்ர கணக்குத்தான். நான் அப்பிடித்தான் வாங்கிறனான்.

மாங்குளம், வீடு கட்டிக்கொண்டிருப்பவர்

எங்கட மேசனும் இப்பிடித்தான். படிக்கட்டுக்குப் பக்கத்தில ஒரு திட்டு வைக்கச் சொன்னம், வேலை முடிஞ்ச பிறகு 18,000 எண்டு கணக்குத் தந்தார். முதலே சொல்லியிருந்தா திட்டே வேண்டாமெண்டு விட்டிருப்பம். குடுத்தது குடுத்ததுதான், ஆனா இன்னும் மனசில கிடக்குது. நீங்கள் மேசன்மாருக்கும் இப்பிடி ஒரு மெயில் எழுதித் தருவீங்களோ?

வவுனியா, படவரைஞர், 22 வருட வேலை

மாங்குளத்துக்காரர் கேட்டது வேறு விசயம், ஆனால் அவர் சொன்னதில்தான் சாரம் இருக்கிறது. தொகை வேலைக்கு முன்னால் போனால் அது விலை. பின்னால் போனால் சண்டை. தங்கச்சி ‘சம்மதம் கிடைத்த பிறகே தொடங்குவேன்’ என்று எழுதியது நல்லது.

முல்லைத்தீவுத் தம்பி, நீங்கள் சொன்னது பாதி சரி. சபை படத்தைத் திருப்பி அனுப்பினால் ஏன் திருப்பினார்கள் என்று முதலில் பாருங்கள். வீதிக் கோட்டிலிருந்து விடவேண்டிய தூரத்தை நான் கவனிக்காமல் விட்டிருந்தால் அது என் பிழை, ஒரு சதமும் கேட்கமாட்டேன். வாடிக்கையாளர் தந்த எல்லை அளவு பிழைத்திருந்தால் கேட்பேன். இரண்டிலும் சேராமல், பார்க்க வந்த உத்தியோகத்தர் புதிதாக ஒன்று கேட்பதும் உண்டு. அதற்கு எனக்கு இன்றுவரை ஒரு விதி இல்லை. சில வேளை வாங்கியிருக்கிறேன், சில வேளை விட்டிருக்கிறேன்.

தங்கச்சி, உங்கள் மெயிலில் பிழை இல்லை. பிழை முதல் எழுதிய வரியில். ‘இரண்டு திருத்தம்’ என்றால் இரண்டு மாற்றமா, இரண்டு தரமா? ஒரே தரத்தில் பத்து மாற்றம் சொல்லலாமா? நான் எழுதுவது இப்படி: ‘ஒரு சுற்று என்பது, நான் படம் அனுப்பி 7 நாளுக்குள் நீங்கள் ஒரே தடவையில் எழுதித் தரும் குறிப்புகள் அனைத்தும். இரு சுற்றும் தளப் படத்துக்கே. தளப் படம் உறுதியான பிறகுதான் மற்றத் தாள்கள் தொடங்கும்.’ தளப் படம் மட்டும் இருக்கும்போது குசினியை மாற்ற ஒரு மணித்தியாலம் போதும். அம்மா, ஐயர், மேசன் எல்லாருக்கும் அந்த ஒரு தாளைக் காட்டச் சொல்லிவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவேன். அத்தோடு தாளின் மூலைக் கட்டத்தில் `Rev A`, `Rev B` என்று திகதியோடு போட்டு வையுங்கள். எத்தனையாவது சுற்று என்ற கேள்வி வந்தால் படமே சொல்லும்.

முல்லைத்தீவு, கட்டட வேலை

வீதிக் கோட்டு விசயம் விளங்குது அண்ணை. ஆனா ஏழு நாள் எண்டு ஊர்ச்சனத்துக்கு எழுதினா ஆரும் வேலை தரமாட்டினம்.

கிளிநொச்சி, படவரைஞர்

நேற்று இரவு கோல் எடுத்தவர். வவுனியா அண்ணை சொன்ன இடத்திலதான் வந்து நிண்டார்: “ரெண்டு தரமும் ஒவ்வொரு விசயம்தானே சொன்னனான், அதை ஏன் முழுச் சுற்றா எண்ணுறீங்கள்?” என்ர வசனம் தெளிவில்லாததுதான், அதை ஒத்துக்கொண்டன். ஆனா ஒவ்வொரு தரமும் படத்தைத் திறந்து, மாத்தி, அளவு சரிபாத்து, திரும்ப அனுப்பினதைச் சொன்னன். கொஞ்சநேரம் பேசாமல் இருந்திட்டு, “ஏழு தாளும் எண்டது எனக்குத் தெரியாது தங்கச்சி” எண்டார். 6,000க்குச் சம்மதம். காலமை மெயிலிலயும் எழுதிப் போட்டார்.

அம்மாவின்ர பட்டியலும் அதோட வந்திருக்கு. குசினிக்குள்ள விறகு வைக்க ஒரு தட்டு, பின்கதவு கிணத்தடிப் பக்கம் திறக்கோணும், சாமியறைக்கு ஒரு யன்னல். நாலாவது, நெல்லு மூட்டை அடுக்க வெளியில ஒரு சாய்ப்பு. முதல் மூண்டும் குசினி வேலையோடயே முடிஞ்சிடும். சாய்ப்பு எண்டால் பரப்பளவு கூடும், அத்திவாரமும் கூரையும் புதுசாக் கீறோணும். ‘எல்லாவற்றையும் ஒன்றாக எழுதி அனுப்புங்கள்’ எண்டு நான்தான் கேட்டனான். இதுக்குத் தனியாக் கேக்கலாமோ?

வவுனியா, படவரைஞர், 22 வருட வேலை

சாய்ப்பு திருத்தம் இல்லை, புது வேலை. சதுர அடிக் கணக்கில் கேளுங்கள். ஆனால் அந்த வசனத்தை எழுதியது நீங்கள் என்றபடியால், நானென்றால் இந்த ஒரு தடவை அவரிடமே கதைத்துப் பார்ப்பேன்.