ஜாமிங் ரூம் பதிவு: லெவலைக் குறைத்தால் போதுமா, மைக்கையே மாற்றணுமா?

தெம்பனிஸ்_கீஸ்:
ஜாமிங் ஸ்டூடியோவில் முழு பேண்டோடு ஒத்திகை. டிரம்ஸ், ரெண்டு கிட்டார், பேஸ், கீஸ், ஒரு பாடகர். ஆண்ட்ராய்டு போனில் பதிவு செய்தால் பல்லவி வந்ததும் கரகரன்னு உடையுது. ஆப்பில் இன்புட் லெவலைக் குறைத்தால் சத்தம்தான் குறையுது, கரகரப்பு அப்படியே இருக்கு. வேற மைக் வாங்கணுமா?

ரிதம்_கை:
வாங்க வேண்டாம். நீங்க போதுமான அளவு குறைக்கலை, அவ்வளவுதான். பாட்டிலேயே அதிக சத்தமான இடத்தை ஒரு தடவை வாசிக்கச் சொல்லுங்க. மீட்டர் உச்சத்தில் -12-ஐத் தாண்டாதபடி லெவலை இறக்குங்க. பதிவு மெலிசா இருந்தால் பிறகு கணினியில் ஏத்திக்கலாம். ஆட்டோ கெயின் இருந்தால் அதை அணைச்சுடுங்க, முக்கியம்.

ஈயக்கம்பி:
ஆட்டோ கெயின் பற்றிச் சொன்னது சரி, -12-ம் சரி. ஆனால் அவர் கேட்டதற்கு அது பதில் இல்லை. சத்தம் குறைந்தும் கரகரப்பு போகவில்லை என்றால், ஒலி அந்த ஸ்லைடருக்கு வந்து சேரும் முன்பே உடைந்துவிட்டது. பல ஆப்களில் ஸ்லைடர் செய்வது வெறும் பெருக்கல்தான். ஏற்கெனவே எண்ணாக மாறிய ஒலியைச் சின்னதாக்கிக் காட்டும்.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். லெவலைப் பாதியாக்கி, ஸ்னேரும் கிராஷும் சேர்ந்து விழும் இடத்தை முப்பது விநாடி WAV-ஆகப் பதிந்து, Audacity-யில் திறந்து ஒரே ஒரு ஸ்னேர் அடியைப் பெரிதாக்குங்கள். அலையின் தலை 1.0 கோட்டில் வெட்டுப்பட்டிருந்தால் லெவல் இன்னும் அதிகம், ரிதம்_கை சொன்னதுபோலக் குறைக்கலாம். 0.5 உயரத்திலேயே மொட்டையாக இருந்தால் ஸ்லைடரை எவ்வளவு இறக்கினாலும் பயனில்லை.

ரிதம்_கை:
அண்ணே, அந்த ரூமில் மீட்டர் ஆப் வெச்சுப் பார்த்தால் 105 டெசிபெல்தான் காட்டும். போன் மைக் 120 வரை தாங்கும்னு எல்லாரும் சொல்றாங்க. 15 டெசிபெல் மிச்சம் இருக்கே?

ஈயக்கம்பி:
105 என்பது சராசரி. ஸ்னேரின் முதல் அடி அதைவிட 15, 20 டெசிபெல் மேலே எகிறும், ஆனால் சில மில்லி விநாடிதான். மீட்டர் அதைக் காட்டாது. அதோடு அந்த ஆப்பும் அதே மைக்கை வைத்துத்தானே அளக்கிறது? மைக் திணறும்போது ஆப்பும் குறைத்துத்தான் சொல்லும்.

120 என்பது மைக் சில்லுக்கான கணக்கு. போன்களில் இருக்கும் டிஜிட்டல் மைக்குகளில் பரவலான அளவு, 94 டெசிபெல் ஒலி வந்தால் டிஜிட்டல் கூரைக்கு 26 டெசிபெல் கீழே நிற்கும். மிச்சம் 26-ஐக் கூட்டினால் 120. ஆனால் போன் அதைப் பேச்சுக்காகத் தூக்கிக் கொடுக்கிறது. ஆண்ட்ராய்டின் குரல் அறிதல் வழிக்கு கூகுள் சொல்லும் அளவையே பாருங்கள்: 90 டெசிபெல் ஒலிக்கு 16 பிட்டில் 2500 வர வேண்டும். அது சராசரி, உச்சம் சுமார் 3500. கூரை 32767. கணக்குப் போட்டால் 109 டெசிபெல்லிலேயே இடம் தீர்ந்துவிடும். மைக் தாங்கினாலும் போன் தாங்காத அந்த இடைவெளியில்தான் பல ஒத்திகைப் பதிவுகள் கெடுகின்றன.

அதனால் முதலில் காசு செலவில்லாத வழி. கேலக்ஸி மாதிரி போன்களில் Pro Video-வில் மைக் லெவல் இருக்கிறது. Open Camera-வின் அமைப்புகளில் ஆடியோ சோர்ஸை மாற்றலாம், போன் ஏற்றுக்கொண்டால் Unprocessed வேலை செய்யும். ஒவ்வொன்றிலும் அதே ஸ்னேர் சோதனையைச் செய்யுங்கள். தலை உருண்டையாக வந்தால் மைக் வாங்கும் வேலையே இல்லை.

மேளம்_உட்லண்ட்ஸ்:
நாங்க உறுமி மேளம். போன் மைக் ஓட்டை மேல துண்டைச் சுத்திட்டா சரியாயிடும். காசும் மிச்சம்.

ஈயக்கம்பி:
துணி தடுப்பது மேல் ஸ்தாயியைத்தான். ஜால்ராவும் சிம்பலும் மங்கும். உறுமியின் அடிநாதமும் பேண்டின் கிக் டிரம்மும் துணியைத் தாண்டி அப்படியே உள்ளே போகும், உடைப்பதும் அவைதான். கேட்க மந்தமாக இருப்பதால் கரகரப்பு குறைந்த மாதிரி தோன்றும். உங்கள் மேளத்துக்கு வேறு நல்ல வழி உண்டு: வாய்ட் டெக்கில் போனைத் தள்ளி வைக்கலாம். மேற்கூரை ஒலியைத் திருப்பினாலும் பக்கங்கள் திறந்திருப்பதால் தூரம் இரட்டிப்பானால் நன்றாகவே குறையும். மூடிய ஜாமிங் ரூமில் அந்த வசதி இல்லை. சுவர்கள் ஒலியைத் திருப்பிக்கொண்டே இருக்கும். ஆம்புக்கு முன்னாலும் மூலையிலும் வைக்காமல் காது உயரத்தில் ஸ்டாண்டில் வைத்தால் ஓரளவு உதவும்.

புக்கிட்_ஃபேன்:
எனக்கு போனில் கேட்டால் நல்லா இருக்கு, வாட்ஸ்அப்பில் அனுப்பினால்தான் கெடுது. அதுவும் இதேதானா?

ஈயக்கம்பி:
இல்லை, அது சுருக்குவதால் வரும் கேடு. டாக்குமென்ட்டாக இணைத்து அனுப்புங்கள்.

தெம்பனிஸ்_கீஸ்:
சோதனை செய்தேன். 0.5-ல் மொட்டை. Pro Video-வில் கொஞ்சம் பரவாயில்லை, ஆனாலும் ஸ்னேர் உடையுது. கேமரா மேல போடுற ஒரு சின்ன மைக் கையில் இருக்கு, 3.5 பிளக். அதைச் செருகினாலும் அதே கரகரப்பு!

ஈயக்கம்பி:
பிளக்கில் கறுப்பு வளையம் எத்தனை? இரண்டு என்றால் கேமராவுக்கானது. போனுக்கு மூன்று வேண்டும். இரண்டு வளையப் பிளக்கை போன் மைக் என்றே அடையாளம் காணாது, உள்மைக்கிலேயே பதியும். பதிவு ஓடும்போது வெளிமைக்கை நகத்தால் சுரண்டுங்கள், பிறகு போனின் அடிப்பக்கத்தைச் சுரண்டுங்கள். எது பலமாகக் கேட்கிறதோ அதுதான் பதிகிறது. சிம் லிம் ஸ்குவேரில் மாற்றுக் கேபிள் கிடைக்கும். கேமரா மைக்கை போனுக்கு மாற்றுவது என்று சொல்லிக் கேளுங்கள், ஹெட்போன் பிரிப்பானைக் கொடுத்துவிடுவார்கள். போனில் 3.5 துளையே இல்லையென்றால் USB-C பிளக் உள்ள மைக்கே சிக்கனம்.

ரிதம்_கை:
நான் இங்கே ஒத்துக்க மாட்டேன். ஸ்டூடியோவிலேயே SM57 சும்மா கிடக்கும். சின்ன USB இன்டர்ஃபேஸ் ஒண்ணு போதும், எந்த சத்தத்துக்கும் அந்த மைக் உடையாது.

ஈயக்கம்பி:
உடையாது, உண்மை. 94 டெசிபெல்லுக்கு 1.6 மில்லிவோல்ட்தான் தரும். 114-க்கு 16, ஸ்னேர் உச்சம் அதற்கு மேல் 20 போனாலும் 160. கெயின் குமிழியை அடிமட்டத்தில் வைத்தால் பெரும்பாலான இன்டர்ஃபேஸ்கள் இதைச் சிரமமில்லாமல் வாங்கிக்கொள்ளும். ஆனால் தூரத்தில் வைத்தால் SM57-இல் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே மெலிந்துவிடும். பேஸ் கிட்டார் காணாமல் போய்விடும். முழு பேண்டுக்கு ஒரே மைக் என்றால், அதிக ஒலி தாங்கும் கண்டென்சர்தான் என் தேர்வு. பெட்டியில் அதிகபட்ச ஒலி 130-க்கு மேல் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். உள்மைக்கின் 120 போன்ற அளவு என்றால் மாற்றியும் பயன் குறைவு.

ரிதம்_கை:
பேஸ் மெலிஞ்சா ஈக்யூவில் ஏத்தலாம். உடைஞ்ச ஸ்னேரை ஒட்ட முடியாது. ஒத்திகைப் பதிவுதானே, ஆல்பமா போடப்போறோம்?

ஈயக்கம்பி:
இல்லாததை ஏற்றினால் அறையின் இரைச்சல்தான் ஏறும். பேஸ்காரர் என்ன வாசித்தார் என்று கேட்கத்தானே பதிவு?

தெம்பனிஸ்_கீஸ்:
32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர் வாங்கினால் லெவலே பார்க்க வேண்டாம்னு கடையில் சொன்னாங்க. அது?

ஈயக்கம்பி:
லெவல் பார்க்க வேண்டாம் என்பது சரி, மைக்குக்கும் வரம்பு உண்டு என்பதை அவர்கள் சொல்லியிருக்க மாட்டார்கள். மைக்கே திணறினால் ஃப்ளோட் அந்த உடைப்பைத்தான் அழகாகப் பதியும். வாங்கும் முன் அந்த ரெக்கார்டரின் மைக் எவ்வளவு தாங்கும் என்று கேளுங்கள்.

ரிதம்_கை:
கிட்டார் ஆம்பை ரெண்டு எண் இறக்கினா பாடகர் குரல் கேட்கும், அவர் மானிட்டரையும் இறக்கலாம். டிரம்மருக்கு மட்டும் யார் சொல்வது?