மழைக்காலத்தில் வடாம் வெள்ளையாகப் பொரியவில்லை: உங்கள் அனுபவம் என்ன?

மாட்டுங்கா மீனா

போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது, இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. அம்மா மே மாதம் கும்பகோணத்தில் மொட்டை மாடியில் பிழிந்து காயவைத்து அனுப்பிய அரிசி வடாம். ஜூன் முதல் வாரம் வரை பூ மாதிரி பொரிந்தது. நாத்தனார் குடும்பம் சாப்பிட வந்திருந்தார்கள், வத்தக்குழம்பு, பருப்புத் துவையல் எல்லாம் தயார், வடாம் மட்டும் பாக்கி. எண்ணெய் காய்ந்ததும் ஆறு வடாமை ஒன்றாகப் போட்டேன். ஓரம் விரிந்தது, நடுவில் மட்டும் மஞ்சளாக, கண்ணாடி மாதிரி ஒரு கண் அப்படியே நின்றுவிட்டது. அதுவும் விரியட்டும் என்று காத்திருந்தேன், பதினைந்து விநாடி இருக்கும், அதற்குள் ஓரமெல்லாம் பழுப்பாகிவிட்டது. நாத்தனார் கடித்தபோது 'கடக்' என்று கேட்டது. அவர் ஒன்றும் சொல்லாமல் அதை இலை ஓரத்தில் வைத்தார். அந்தச் சத்தம்தான் இன்னும் காதில் இருக்கிறது. எண்ணெயில் தப்பா, வடாமிலா, என் கையிலா?

ஜெயநகர் ரவி

எண்ணெய் காயவில்லை, அவ்வளவுதான். எனக்கும் இதே அனுபவம். பெங்களூரு வந்த புதிதில் வடாம் ஒழுங்காகவே பொரியவில்லை. இந்த ஊர் 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது, தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் எண்ணெய்ச் சூடும் குறைந்துவிடுகிறது, தீயை நன்றாகக் கூட்டிவைக்க வேண்டும். இப்போது எண்ணெய் லேசாகப் புகையும்வரை விட்டு, ஒவ்வொன்றாகத்தான் போடுகிறேன். பிரச்சினையே இல்லை.

ஆர்.கே.புரம் லலிதா

எங்கள் கதை நேர்மாறு. டெல்லியில் மே மாத வெயில் எப்படி என்று தெரியும், இரண்டே நாளில் வடாம் சுள்ளென்று காய்ந்துவிடும். ஒரு வருஷம் ஆசைப்பட்டு அஞ்சு நாள் வெயிலில் விட்டேன். எண்ணெயில் போட்டதும் பாதிக்கு மேல் தூளாக உடைந்தது, முழுசாக இருந்ததும் சரியாக விரியவில்லை. அதனால் மீனா, கூழ் கிளறும்போதே கவனம் வேண்டும். பச்சரிசியை ஊறவைத்து நைசாக அரைத்து, ஒரு பங்கு மாவுக்கு ஐந்து பங்கு தண்ணீர், அதோடு ஒரு கைப்பிடி ஜவ்வரிசி, பச்சைமிளகாய், உப்பு. கூழ் கண்ணாடி மாதிரி பளபளப்பாக வெந்து, ஈரக்கையால் தொட்டால் ஒட்டக்கூடாது. மாவு பச்சையாக இருந்தால் எந்த எண்ணெயிலும் பொரியாது. உப்பை மட்டும் கொஞ்சம் குறைத்தே போடுங்கள், காய்ந்தால் தூக்கலாகத் தெரியும். முதல் நாள் மத்தியானத்துக்குள் பிழிந்துவிட வேண்டும், சாயங்காலம் துணியோடு உள்ளே எடுத்து...

மாட்டுங்கா மீனா

அக்கா, கூழெல்லாம் அம்மா செய்ததுதான். அதே டப்பா வடாம் ஜூனில் நன்றாகப் பொரிந்ததே.

செம்பூர் மாமி

மீனா சொன்ன கடைசி வரிதான் முக்கியம். ஜூனில் பொரிந்தது ஜூலையில் பொரியவில்லை என்றால் வடாம் ஈரம் ஏறியிருக்கிறது. எங்கள் சங்கத்து விசேஷங்களுக்கு நான் முப்பது வருஷமாக வடாம் பொரிக்கிறேன், மும்பை மழையில் இது எல்லோருக்கும் வரும். ஒரு வடாமை எடுத்து ஒடித்துப் பாரு. 'டிக்' என்று உடைந்தால் சரி. வளைந்து யோசித்து உடைந்தால் ஈரம். நல்ல வடாமுக்குள் ஒரு துளி ஈரம் இருக்கத்தான் வேண்டும், சூட்டில் அது ஒரே நொடியில் ஆவியாகி மாவை உள்ளிருந்து ஊதித் தள்ளுகிறது. ஈரம் கூடினால் முதலில் அதைக் காய்ச்சவே சூடு செலவாகிறது, நடுப்பக்கம் விரிவதற்குள் மெல்லிய ஓரம் சிவந்துவிடும். லலிதாவுக்கு நடந்தது மறுகோடி. ஊதித் தள்ள ஒன்றுமே மிச்சமில்லை.

வெயில் இல்லை என்றால் ஓவனை 60, 70 டிகிரியில் வைத்து, கதவை லேசாகத் திறந்தபடி ஒரு மணி நேரம் வடாமை வை. ஆறவிட்டு ஒடித்துப் பாரு. ஃபேனுக்கடியில் போட்டால் இந்தக் காற்றில் ஒன்றும் நடக்காது.

அப்புறம் எண்ணெய். கடாயில் இரண்டு விரற்கடை ஆழமாவது வேண்டும். ஒரு சின்னத் துண்டைப் போடு. அடியில் போய்த் தங்கினால் போதாது. போட்டதும் இரண்டு எண்ணுவதற்குள் மேலே வந்து வெள்ளையாக விரிந்தால் அதுதான் பதம். தீயைச் சற்றுக் குறை, இரண்டு வடாம் போடு, ஜல்லிக்கரண்டியால் லேசாக அமுக்கித் திருப்பு, ஐந்து ஆறு எண்ணி எடு. இரைச்சல் அடங்கும்வரை காத்திருக்காதே, அதற்குள் நிறம் ஏறிவிடும். அடுத்த ஈடு போடுமுன் அரை நிமிஷம் விடு. உதிர்ந்த துகளை அரித்து எடு, அது கருகினால் பின்னால் வருகிற வடாமெல்லாம் மங்கும். ரவி சொல்கிற மாதிரி புகையவிட்டால் எண்ணெயே கெட்டுவிடும், வேண்டாம்.

கோரேகாவ் செந்தில்

ரவி, தண்ணீர் 97-இல் கொதிப்பது உண்மை, ஆனால் அதற்கும் எண்ணெய்ச் சூட்டுக்கும் சம்பந்தமில்லை. அடுப்பு கொடுக்கிற அளவுக்கு எண்ணெய் சூடேறும், மேடாக இருந்தாலும் பள்ளமாக இருந்தாலும் 190 என்றால் 190தான். நீங்கள் ஒவ்வொன்றாகப் போட ஆரம்பித்ததால்தான் சரியாயிற்று.

என் மகள் பிறந்தநாளுக்குக் கலர் ஃப்ரையம்ஸ் பொரித்தேன், அந்தச் சக்கரம், குழாய் எல்லாம். முதல் ஈடு வெள்ளையும் ரோஜாவுமாக அழகாக வந்தது, மூன்றாவது ஈடு கருத்துப்போய்க் கசந்தது. மறுநாள் எண்ணெயில் தெர்மாமீட்டர் வைத்து மறுபடி பொரித்தேன். 190-இல் நாலைந்து போட்டேன், மூன்று விநாடியில் பொரிந்தது. கால் லிட்டர் எண்ணெய்தான், அதே அளவு சூட்டில் ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டபோது 165-க்கு இறங்கிவிட்டது, பாதி பொரியாமல் எண்ணெய் குடித்தது. பதறித் தீயைக் கூட்டினேன், இரண்டு நிமிஷத்தில் 220. அடுத்த ஈடு மூன்று எண்ணுவதற்குள் சிவந்தது. பிறந்தநாளன்றும் இதுதான் நடந்திருக்கிறது. நான் பார்த்தவரை ஃப்ரையம்ஸ் அரிசி வடாமைவிடச் சீக்கிரம் சிவக்கிறது.

ஜெயநகர் ரவி

சரி, உயரத்தை விட்டுவிடுகிறேன். ஆனால் குளிர் ஒரு காரணம்தான். டிசம்பரில் கடாயே சில்லென்று இருக்கும், வடாமும் அப்படித்தான், சூடேற நேரமாகிறது. அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஆர்.கே.புரம் லலிதா

செந்தில், மோர் விட்டுக் கிளறிய வடாமும் கொஞ்சம் நிறம் ஏறித்தான் வரும். எங்கள் மாமியார் எலுமிச்சம்பழம்தான் பிழிவார். வெங்காய வடாம் வெள்ளையாக வரவே வராது, அதற்கு எண்ணெயைக் குறை சொல்லக்கூடாது.

மாட்டுங்கா மீனா

மாமி, நேற்று ஒடித்துப் பார்த்தேன். வளைந்தது. ஓவனில் 65-இல் ஒரு மணி நேரம் வைத்தேன், ஆறியதும் 'டிக்' கேட்டது. கடாயில் இரண்டிரண்டாகப் போட்டு ஆறு எண்ணி எடுத்தேன். பன்னிரண்டில் பத்து வெள்ளை, நடுவிலும் முழுசாக விரிந்தது. மிச்சம் இரண்டில் பிழியும்போது கனமாக விழுந்த இடம் மட்டும் மஞ்சளாக நின்றது. டப்பாவில் அப்படிக் கனமாக இருப்பதை இன்னும் ஒரு மணி நேரம் காயவைத்தால் சரியாகுமா, இல்லை, மெல்லிய பக்கம் லலிதா அக்கா வடாம் மாதிரி உடைந்துவிடுமா?

செம்பூர் மாமி

கனமானதைத் தனியாகப் பொறுக்கி அரை மணி மட்டும் கூட வை. மெல்லியதை அதோடு சேர்க்காதே. டப்பா மூடி இறுக்கமா என்று பாரு, அம்மா அனுப்பின பிளாஸ்டிக் பையிலேயே வைத்திருக்கிறாயா?