பெங்களூரில் இருந்த அம்மாவுக்கு ஊரில் 12 நாள் வேலை!

பொம்மனஹள்ளி வாசி:
மனைவியின் பிரசவத்துக்காக அம்மா திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து இங்கே எங்களோடுதான் இருந்தார். ஊரில் நூறு நாள் வேலைக்கு சமூகத் தணிக்கை வந்தபோது, அதே மாதம் ஏரி வேலையில் அவர் பெயரில் 12 நாள் வருகை எழுதியிருந்தது தெரிந்தது. கூலி அவர் வங்கிக் கணக்கில் ஏறி, ஏடிஎம்மில் எடுத்தும் ஆகிவிட்டது. கார்டை நம்பி யாரிடம் கொடுத்துவிட்டு வந்தார் என்பது வேறு கதை. எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

கே.ஆர்.புரம் குமார்:
இப்போதுதான் செல்போனில் போட்டோ எடுத்து ஏற்றுகிறார்களே. பொய்யே எழுத முடியாது. உங்கள் அம்மா ஏதோ மறந்திருப்பார்.

முன்னாள் தணிக்கையாளர்:
போட்டோ ஏறுவது உண்மைதான். ஆனால் நான் தணிக்கைக்குப் போன காலத்தில், அதில் இருக்கிற முகம் யாருடையது என்று பெயர் வாரியாக யாரும் சரிபார்த்ததில்லை. கூட்டமாக எடுத்த படம் ஒன்று இருந்தாலே போதுமாக இருந்தது.

நான் வேலூர்ப் பக்கம் தணிக்கைக்குப் போயிருக்கிறேன். சொந்த ஊராட்சிக்குப் போகவிட மாட்டார்கள், வேறு ஊருக்குத்தான். முதலில் வருகைப் பதிவேட்டை வாங்குவோம். அப்புறம் வீடு வீடாகப் போய், வேலை அட்டையையும் பாஸ்புக்கையும் வைத்துக்கொண்டு, "இந்த வாரம் வேலைக்குப் போனீர்களா?" என்று கேட்போம். பூட்டிய வீடு என்றால் பக்கத்து வீட்டுக்காரம்மா, "அவங்க பெங்களூர்ல பிள்ளை வீட்ல இல்ல இருக்காங்க!" என்பார். உங்கள் அம்மா விஷயமும் அப்படித்தான் வெளியே வந்திருக்கும்.

இன்னொரு வழி டேப். அளவுப் புத்தகத்தில் எழுதிய குழியின் நீள அகலத்தைத் தளத்தில் அளந்து பார்ப்போம். வெட்டிய மண்ணுக்குத்தான் கூலி, அதைப் பதிவேட்டில் இருக்கிற எல்லாருக்கும் பிரிப்பார்கள். அதனால் வராத ஆள் பத்துப் பேரைச் சேர்த்தால் வெட்டிய மண் அதிகமாகாது, வெயிலில் நின்றவர்களின் கூலிதான் குறையும். சிறப்பு கிராம சபையில் இதைக் கேட்டதும் பெண்கள் கொதித்துவிட்டார்கள். அதுவரை "அரசாங்கப் பணம்தானே" என்று இருந்தவர்கள்!

ஹெப்பால் சரஸ்வதி:
எங்கள் மாமியாருக்கு முதியோர் பணம் நின்றுபோச்சு. இந்த சபையில் சொன்னால் வருமா?

முன்னாள் தணிக்கையாளர்:
அக்கா, அது வருவாய்த் துறை. தாலுகா அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் தாசில்தாரைப் பாருங்கள்.

பொம்மனஹள்ளி வாசி:
சரி, அம்மா பெயரில் எடுத்த பணம்? சபையில் வாசித்து எழுதிக்கொண்டு போனார்கள். திருப்பிக் கட்டச் சொன்னதாகக் கேள்வி, ரசீதை யாரும் பார்த்ததில்லை.

முன்னாள் தணிக்கையாளர்:
நாங்கள் எழுதத்தான் முடியும், வசூல் அதிகாரிகள் கையில். அடுத்த தணிக்கையில் முந்தைய அறிக்கைமீது என்ன நடவடிக்கை என்று கேளுங்கள். எங்கள் ஊர்களில் பாதிக்குமேல் "நிலுவை" என்றுதான் வாசிப்போம்.

பொம்மனஹள்ளி வாசி:
கேட்கலாம்தான். ஊரில் வருகை எழுதுகிற பணித்தளப் பொறுப்பாளரே எங்கள் சித்தப்பா மகள். "விட்டுடு சாமி" என்கிறார் அம்மா.