தேதியும் இடமும் வெட்டுப்பட்ட சுற்றறிக்கை: இரண்டு முறை எழுத வேண்டி வந்த கடிதம்

கயல் அம்மா:
மகள் ஏழாம் வகுப்பு. போன மாதம் பையிலிருந்து ஒரு சுற்றறிக்கையை எடுத்து நீட்டினாள். பெற்றோர் சந்திப்பாம், கட்டாயம் வர வேண்டுமாம். கடைசி வரி இப்படி முடிகிறது: "சந்திப்பு கீழ்க்காணும் நாளிலும் இடத்திலும் நடைபெறும்." அதற்குக் கீழே எழுத்துகளின் தலை மட்டும் தெரிகிறது, உடம்பைக் காணோம்.

அன்றைக்கே டைரியில் எழுதி அனுப்பினேன்: "சுற்றறிக்கை முழுமையாக இல்லை. விவரம் தெரிவிக்கவும்." மறுநாள் பதில் வந்தது. அதே சுற்றறிக்கையின் இன்னொரு பிரதி, அதே இடத்தில் வெட்டுப்பட்டு! பிள்ளை தாளைக் கிழித்துவிட்டாள் என்று நினைத்து, டீச்சர் மிச்சமிருந்த கட்டிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்திருக்கிறார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எது இல்லை என்று நான் எழுதவே இல்லையே.

இரண்டாவது கடிதம் இது:

"தலைமை ஆசிரியர் அவர்களுக்கு, வகுப்பாசிரியர் வழியாக.
பொருள்: பெற்றோர் சந்திப்புச் சுற்றறிக்கையில் நாள், நேரம், இடம் அச்சாகாதது.
வணக்கம். என் மகளிடம் கொடுத்த சுற்றறிக்கை 'கீழ்க்காணும் நாளிலும் இடத்திலும் நடைபெறும்' என்ற வரியோடு நின்றுவிடுகிறது. அதற்குக் கீழுள்ள வரிகள் பாதியில் வெட்டுப்பட்டுள்ளன. மாற்றாகத் தந்த பிரதியிலும் அப்படியே உள்ளது. அதன் நகலை இணைத்துள்ளேன். விடுப்பு சொல்ல வேண்டியிருப்பதால், கீழுள்ள கோடுகளை நிரப்பி இந்தத் தாளையே நாளை திருப்பி அனுப்பினால் போதும்.
நாள்: ______ நேரம்: ______ இடம்: ______
மாணவி உடன் வர வேண்டுமா: ______"

அடியில் மகளின் பெயர், வகுப்பு, பிரிவு, என் கைபேசி எண். மாலையே நிரம்பி வந்தது. அடுத்த நாள் வகுப்பு முழுவதற்கும் புதுச் சுற்றறிக்கை.

பழைய கிளார்க்:
பள்ளி அலுவலகத்தில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன். மூலத்தை லீகல் தாளுக்கு டைப் செய்திருப்பார்கள், பிரதி எடுத்தது ஏ4 தாளில். லீகல் 356 மி.மீ. நீளம், ஏ4 297 மி.மீ. சுருக்காமல் அப்படியே எடுத்தால் அடியில் கிட்டத்தட்ட ஆறு சென்டிமீட்டர் போய்விடும். நாள், இடம், கையெழுத்து எல்லாம் உட்காருவது அந்த ஆறு சென்டிமீட்டரில்தான். அலுவலகக் கோப்பில் இருப்பது முழுத் தாள், அதனால் அங்கே யாருக்கும் சந்தேகமே வராது.

எழுத்து பாதியில் அறுபட்டிருந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம். வரி சுத்தமாக முடிந்து, கையெழுத்து மட்டும் இல்லையென்றால் இரண்டாம் பக்கம் விட்டுப்போயிருக்கலாம். எது என்று கடிதத்தில் ஒரு வரி எழுதுங்கள். முதலாவதென்றால் கட்டு முழுவதையும் மறுபடி எடுக்க வேண்டும், இரண்டாவதென்றால் ஒரு தாள் கொடுத்தால் தீர்ந்தது. சுற்றறிக்கை எண் தலைப்பில் இருந்தால் அதையும் குறிப்பிடுங்கள், கோப்பைத் தேட அதுதான் வழி.

மாடிவீட்டு மணி:
இதற்கு ஏன் கடிதம்? வாட்ஸ்அப்பில் நீளமான படத்தை ஓரம் வெட்டித்தான் காட்டும். தொட்டுத் திறந்தால் முழுதும் வரும்.

கயல் அம்மா:
கைக்கு வந்தது காகிதம் அண்ணா, எத்தனை தடவை தொட்டாலும் திறக்கவில்லை 😀

மாடிவீட்டு மணி:
சரி சரி. ஆனால் எங்களுக்குப் படமாக வந்தபோது அப்படித்தான் ஆச்சு.

இரட்டையர் அப்பா:
எங்கள் வீட்டுக் கதை வேறு. சுற்றறிக்கை முழுசாகத்தான் வந்தது. அடியில் ஒப்புதல் சீட்டு, அதைக் கத்தரித்து ஒழுங்காகக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். இடமும் நேரமும் அந்தச் சீட்டின் பின்பக்கம் அச்சாகியிருந்ததாம்! இரண்டு பிள்ளைகளுடையதையும் அனுப்பிவிட்டு, "இடம் எங்கே சார்" என்று நானே கடிதம் எழுதினேன். இப்போதெல்லாம் கத்தரிக்கும் முன் ஒரு போட்டோ.

செல்வி:
போன் பண்ணினால் ஒரு நிமிட வேலை. ஆனால் நான் பண்ணியபோது "சனிக்கிழமை" என்றார்கள். எந்தச் சனி என்று நான் கேட்கவில்லை. ஒரு வாரம் முன்னாடியே போய் நின்றேன்.

பழைய கிளார்க்:
அவசரமென்றால் போன் பண்ணுங்கள். கேட்டதை அதே கடிதத்தில் எழுதி, சரிதானா என்று உறுதி கேளுங்கள்.

செல்வி:
இன்னொரு சந்தேகம். தேதியில்லாத சுற்றறிக்கையோடு வந்த சுற்றுலா ஒப்புதல் சீட்டில் கையெழுத்துப் போடலாமா? நாளைக்குக் கடைசி நாள் என்கிறாள் மகள்.

கயல் அம்மா:
நானாக இருந்தால் போட மாட்டேன். எந்த நாள், எந்த இடம் என்று தெரியாமல் எதற்குச் சம்மதம்?

இரட்டையர் அப்பா:
பிள்ளை பெயர் விட்டுப்போனால்? "நாள், இடம் தெரிந்தபின் உறுதி செய்கிறேன்" என்று சீட்டிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டேன் ஒருமுறை. வாங்கிக்கொண்டார்கள்.

செல்வி:
எங்கள் டீச்சர் வாங்குவாரா, தெரியலை. காலையில் நேரில் போய்ப் பார்க்கிறேன்.