காலைத் தூக்கத்தைத் தள்ளுவதா, குறைப்பதா?

நிலா அம்மா: மகளுக்கு 14 மாதம். காலை 6 மணிக்கு எழுந்து, 9.30 முதல் 11 வரை தூங்குகிறாள். மதியத் தூக்கத்துக்கு மூன்று வாரமாகப் போராட்டம். 4 மணிக்குத்தான் கண் அசருகிறாள், அதுவும் முக்கால் மணி நேரம். இரவு 9.30 ஆகிவிடுகிறது. ஒரே பகல் தூக்கத்துக்கு மாற்றலாமா? எப்படி?

கவின் அப்பா: மாற்றுங்க, ஒரேயடியா மாற்றுங்க. நாங்க ஒரு திங்கட்கிழமை காலைத் தூக்கத்தை நிறுத்தினோம், நாலே நாளில் பழகிட்டான். இழுத்தடிச்சா பிள்ளைக்கும் குழப்பம். நல்லாக் களைச்சுப் போனாத்தான் நல்லாத் தூங்கும்.

காப்பகத்து அக்கா: தம்பி, அப்போ கவினுக்கு எத்தனை மாதம்?

கவின் அப்பா: 18 முடிஞ்சிருந்தது அக்கா.

காப்பகத்து அக்கா: அதனாலதான் நாலு நாளில் முடிஞ்சது, அவன் ஏற்கெனவே தயாரா இருந்திருக்கான். 14 மாதத்தில் பெரும்பாலான பிள்ளைகளால் ஐந்து, ஆறு மணி நேரம் தாங்க முடியாது. களைப்பு அளவுக்கு மீறினா நீண்ட தூக்கம் வராது. 40 நிமிடத்தில் அழுதுகிட்டே எழும், மறுநாள் விடியும் முன்னாலேயே விழிக்கும்.

நிலா அம்மா, உங்க கணக்கைக் கூட்டிப் பாருங்க. இரவு எட்டரை மணி நேரம், காலை ஒன்றரை, மாலை முக்கால். பதினொன்றுக்கும் குறைவு. இந்த வயசுக்குப் பகலும் இரவுமாச் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம் வேணும். மூன்று வாரமா இப்படின்னா இது இரண்டு நாள் பிடிவாதம் இல்லை, மாற வேண்டிய நேரம்தான். மூன்று நாளுக்கு ஒருமுறை காலைத் தூக்கத்தை 15 நிமிடம் தள்ளுங்க. 9.30லிருந்து 12க்கு வர ஒரு மாதம் ஆகும்.

வள்ளி பாட்டி: ராத்திரி ஒன்பதரைக்குத் தூங்கினா என்ன தப்பு? காலையில எட்டு மணி வரைக்கும் தூங்க விடும்மா.

நிலா அம்மா: நான் எழுப்புறதே இல்லை பாட்டி. எத்தனை மணிக்குப் படுத்தாலும் ஆறுக்கு எழுந்திடுறா.

யாழினி அம்மா: அக்கா சொல்றதில் எனக்கு உடன்பாடில்லை. ஏன் தள்ளணும்? 9.30க்கே தூங்கட்டும், ஆனா அரை மணி நேரத்தில் எழுப்பிடுங்க. மதியம் 1.30க்குத் தானாத் தூக்கம் வரும். இப்படியே என் மகளை 17 மாதம் வரை இரண்டு தூக்கத்தில் ஓட்டினேன்.

காப்பகத்து அக்கா: அதுவும் வழிதான், சின்னப் பிள்ளைக்கு முதலில் அதைத்தான் பார்க்கணும். நான் முந்திக்கிட்டேன். ஆனா மதியத் தூக்கம் திரும்பவும் மறுக்கப்பட்டா, குறைச்சுக்கிட்டே போறதில் பலனில்லை.

நிலா அம்மா (ஐந்து வாரம் கழித்து): நடந்ததைச் சொல்கிறேன். முதலில் யாழினி அம்மா சொன்னபடி காலைத் தூக்கத்தை 40 நிமிடத்தில் நிறுத்தினேன். பத்து நாள் அருமையாகப் போனது. 1.30க்குப் படுத்து ஒன்றேகால் மணி நேரம் தூங்கினாள், இரவு 7.30. பதினோராம் நாளிலிருந்து மதியம் மறுபடி மறுப்பு. அப்புறம் அக்கா வழியில் தள்ள ஆரம்பித்தேன். இப்போது 11 மணியில் நிற்கிறோம், இதுதான் ரொம்பக் கஷ்டம். 11.45க்கே எழுந்துவிடுகிறாள். இன்னொரு தூக்கத்துக்கு மனசு வராது, இரவு வரைக்கும் தாங்கவும் மாட்டாள். நேற்று காலை 10 மணிக்குக் காரில் ஐந்தே நிமிடம் கண் மூடினாள், அதோடு அன்றைய தூக்கமே போச்சு.

காப்பகத்து அக்கா: 10.30க்கும் 11.30க்கும் இடையில் எல்லாரும் இங்கேதான் மாட்டிக்கிறாங்க. 11.45க்கு எழுந்தா உடனே தூக்காதீங்க, இருட்டு அறையில் பத்துப் பதினைந்து நிமிடம் விட்டுப் பாருங்க. திரும்பத் தூங்கலைன்னா அன்னிக்கு இரவுத் தூக்கத்தை 6 மணிக்கே கொண்டு வாங்க. அதுவரை தாங்கவே முடியாத நாளில் 3.30க்கு முன்னால் 15 நிமிடம் மட்டும் மடியில் கண்ணயர விடுங்க, பிறகு எழுப்பிடணும். காலை 9.30க்கு மேல் காரில் போறதை இரண்டு வாரம் தவிர்த்திடுங்க. மதியச் சாப்பாடு 11க்குள் முடியணும், பசியிலும் சீக்கிரம் எழும்.

கவின் அப்பா: 6 மணிக்குப் படுக்க வெச்சா விடியற்காலை 4க்கு எழுந்து உட்காரும் அக்கா.

நிலா அம்மா: இரண்டு முறை 6.15க்குப் படுக்க வைத்தேன். ஒரு நாள் 6 வரை தூங்கினாள், இன்னொரு நாள் 5.10க்கே விழிப்பு.

காப்பகத்து அக்கா: 5.10ன்னாலும் 6 வரை அறை இருட்டாவே இருக்கட்டும். பகல் தூக்கத்தையும் முன்னால் இழுக்காதீங்க, 11 மணி 11 மணியாவே இருக்கட்டும். ஒரு வாரம் பாருங்க.

யாழினி அம்மா: 5.10க்கு எழுந்த பிள்ளையை 11 வரை இழுக்கிறதை நான் செய்ய மாட்டேன். அந்த ஒரு நாளுக்குப் பழையபடி இரண்டு தூக்கம் கொடுத்திடுவேன்.

நிலா அம்மா: நாளை 5.10க்கு எழுந்தால் யாழினி அம்மா வழி, 5.40க்கு மேல் என்றால் அக்கா வழி. வெள்ளிக்கிழமை வந்து சொல்கிறேன்.